ஊறுகாய் பாட்டிலில் என்ன எழுத வேண்டும்? வீட்டுச் சமையலறைக்கு ஒரு லேபிள்

வீட்டில் ஊறுகாயும் பலகாரமும் செய்து விற்பவர்களின் ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. நடுவில் ஒரு பெயர், அதன் கீழே 'பாரம்பரியக் கைப்பக்குவம்', 'கெமிக்கல் இல்லை', ஓரத்தில் ஒரு வாட்ஸ்அப் நம்பர். வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியது இதில் எதுவும் இல்லை. இதில் எந்த எண்ணெய் ஊற்றியிருக்கிறது? திறந்த பிறகு எத்தனை நாள் வரும்? பிரிட்ஜில் வைக்க வேண்டுமா? கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கொடுக்கலாமா? இதையெல்லாம் ஒவ்வொருவராகப் போனில் கேட்கிறார்கள். நாமும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி பதில் சொல்கிறோம்.

அப்படி வரும் கேள்விகளில் ஒன்று: "அக்கா, உங்க பூண்டு ஊறுகாயில கோதுமை இருக்கா?" உடனே வரும் பதில்: "ஊறுகாயில எதுக்கும்மா கோதுமை? பூண்டு, புளி, நல்லெண்ணெய், அவ்வளவுதான்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பதில் தவறாக இருக்க வாய்ப்பு அதிகம். ஏன் என்பதைப் பார்க்க அந்தப் பூண்டு ஊறுகாயையே ஒரு தடவை தராசில் வைத்து எழுதிப் பார்ப்போம்.

ஒரு ஈடுக்கு உரித்த பூண்டு 1000 கிராம், நல்லெண்ணெய் 350, எலுமிச்சைச் சாறு 200, புளி 150, உப்பு 130, மிளகாய்த்தூள் 100, வெல்லம் 40, கடுகு 15, வெந்தயம் 10, பெருங்காயம் 8, மஞ்சள்தூள் 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஏறக்குறைய 2 கிலோ. லேபிளில் பொருட்களை எழுதும் முறை இதிலேயே வந்துவிடுகிறது. எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகள் கேட்பதும் இந்த இறங்கு வரிசையைத்தான். கண்ணளவில் போடுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள். இரண்டு கைப்பிடி உப்பு என்பதை வரிசையில் எங்கே வைப்பது? பெருங்காயத்தையும் மஞ்சளையும் அளக்க 1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று போதும். ஒரு முறை நிறுத்து நோட்டில் எழுதிவிட்டால் பிறகு ஒவ்வொரு ஈடும் ஒரே உப்பு, ஒரே புளிப்பாக வரும். அது ருசிக்கு மட்டுமல்ல, ஆயுளுக்கும் வேண்டியது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எண்ணெயை வெறும் 'சமையல் எண்ணெய்' என்று எழுதக் கூடாது. நல்லெண்ணெயா, கடலையெண்ணெயா, தேங்காயெண்ணெயா என்று பெயர் சொல்ல வேண்டும். 'மசாலா' என்று மூடி மறைப்பதும் வேண்டாம். கடுகு, வெந்தயம் என்று பிரித்து எழுதினால் இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.

இப்போது அந்த 8 கிராம் பெருங்காயத்துக்கு வருவோம். கடையில் டப்பாவில் வரும் பெருங்காயத்தூள் அநேகமாகக் கூட்டுப் பெருங்காயம். சுத்தமான பெருங்காயப் பிசின் கடுமையான வாசனை உள்ளது. அதைப் பொடியாக்கிப் பயன்படுத்தும் பதத்துக்குக் கொண்டுவர வேலம் பிசினும் மாவும் சேர்க்கிறார்கள். அந்த மாவு பல பிராண்டுகளில் கோதுமை மாவு அல்லது மைதா. சிலவற்றில் அரிசி மாவு. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தால் தெரிந்துவிடும். நாம்தான் அதைப் படிப்பதே இல்லை. கட்டிப் பெருங்காயம் வாங்கினால் தப்பித்துவிடலாம் என்பதும் சரியல்ல. கட்டியிலும் கூட்டு உண்டு.

நம் ஊறுகாயில் பெருங்காயம் அரை சதவீதம்கூட இல்லை. பல பொருட்கள் சேர்ந்த ஒரு பொருள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் உட்பொருட்களை விரித்து எழுத வேண்டியதில்லை என்று விதியிலேயே ஒரு சலுகை இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகையைக் காட்டி ஒவ்வாமைப் பொருளை விட்டுவிட முடியாது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிக்குக் கொஞ்சம் என்பதும் கணக்குதான். ஆகவே 'கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு உள்ளது)' என்று எழுதி, கீழே தனி வரியில் 'கோதுமை உள்ளது' என்றும் போட வேண்டும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்துக்கு மாறிக்கொள்வது இன்னும் நல்லது. விலை கொஞ்சம் கூட இருக்கலாம், ஆனால் ஒவ்வாமை வரியில் ஒன்று குறையும்.

எதையெல்லாம் ஒவ்வாமைப் பொருளாகக் காட்ட வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, பிறகு கிலோவுக்கு 10 மில்லிகிராமும் அதற்கு மேலும் உள்ள சல்ஃபைட் என்ற கந்தகச் சேர்மம். நம் ஊறுகாயின் இரண்டு முக்கியமான ஆட்கள் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எள்ளும் கடுகும். பிரிட்டனில் கட்டாயமாகக் காட்ட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் இவை இரண்டும் உண்டு. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் சேர்ந்துவிட்டது. நம் ஊர் விதி கேட்கவில்லை என்றாலும் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் 'எள்' என்று ஒரு சொல் சேர்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. லண்டனில் இருக்கும் மகளுக்கு வாங்கி அனுப்பும் அம்மாக்கள் நம் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

சல்ஃபைட் எங்கிருந்து வரும் என்று தோன்றலாம். வெல்லத்திலிருந்து வரும். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லம் பல நேரம் ஹைட்ராஸ் போட்டு வெளுத்தது. அந்த ஹைட்ராஸ் ஒரு கந்தகச் சேர்மம். ஊறுகாயில் 40 கிராம் வெல்லம் என்பது சிறிய அளவு. அதிரசத்திலும் கடலை மிட்டாயிலும் அதுவே பாதிச் சரக்கு. ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்ஃபைட் மூச்சிரைப்பைக் கிளப்பும். கரு நிற வெல்லம் வாங்குவது ஒரு வழி, ஆனால் நிறம் மட்டுமே சான்று ஆகாது. விற்கிறவரிடம் கேட்டு, தெரிந்ததை எழுதுவதுதான் செய்யக்கூடியது.

நாம் போடாமலே உள்ளே வருவது இன்னொரு வகை. முறுக்குக்கு அரிசியும் உளுந்தும் அரைக்க மாவு மில்லுக்குப் போகிறோம். நமக்கு முன்னால் ஒருவர் சப்பாத்திக்குக் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார். மெஷினில் தங்கிய கோதுமை நம் அரிசியோடு வரும்; முதல் படி மாவு கொஞ்சம் நிறம் மாறி விழுவதை எல்லோரும் பார்த்திருப்போம். செக்கிலும் இதே கதைதான். காலையில் கடலை ஆட்டிய செக்கில் மதியம் எள் ஆட்டுவார்கள். நன்றாகச் சுத்திகரித்த ரீஃபைண்ட் எண்ணெயில் புரதம் அநேகமாக நீங்கிவிடும். ஒவ்வாமையைத் தூண்டுவது புரதம்தான். செக்கெண்ணெயில் அது மிச்சம் இருக்கும். எதற்காகச் செக்கெண்ணெயை விரும்பி வாங்குகிறார்களோ, அந்தப் பதப்படுத்தாத தன்மையே கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு ஆபத்து. கடைசியாக நம் வாணலி. மிக்சருக்குக் கடலை பொரித்த எண்ணெயிலேயே அடுத்து முறுக்கைப் போட்டால் முறுக்கிலும் கடலை இருக்கிறது.

இதனால்தான் 'குளூட்டன் இல்லாதது', 'நட்ஸ் இல்லாதது' என்று வீட்டுச் சமையலறையிலிருந்து எழுதுவதை நான் ஏற்பதில்லை. அதைச் சோதனை செய்து காட்டினால்தான் சொல்ல முடியும். நம்மால் நேர்மையாகச் சொல்ல முடிந்தது: 'வேர்க்கடலை, கோதுமை, பால் பயன்படுத்தும் சமையலறையில் தயாரித்தது. மாவு பொது மில்லில் அரைத்தது.' இதைப் படித்து ஒருவர் வாங்காமல் போகலாம். போகட்டும், அவர் வாங்கக் கூடாதவர். அதே சமயம் எல்லா ஒவ்வாமைப் பொருளையும் வரிசையாக எழுதி 'இருக்கலாம்' என்று கைகழுவுவதும் வேண்டாம். உங்கள் வீட்டுக்குள் இறாலே வராது என்றால் இறாலை எழுதாதீர்கள். கருவாட்டுத் தொக்கும் அதே அடுப்பில் செய்கிறீர்கள் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

சரி, எவ்வளவு நாள் வரும்? இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எப்போது வரை நன்றாக இருக்கும் என்பது ஒன்று. சாப்பிட்டால் ஆபத்தில்லையா என்பது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் வீட்டு ஊறுகாயின் பெரிய பலவீனம். பூசணம் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் காறினால் மூக்குக்குத் தெரியும். ஆனால் பூண்டு ஊறுகாயில் பயப்பட வேண்டிய கிருமி இரண்டுக்கும் தெரியாமல் வேலை செய்யும்.

குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற அந்தக் கிருமி மண்ணில் வாழ்வது. பூண்டு மண்ணுக்குள் விளைவது. கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதியில் சாவதில்லை. காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு அப்படிப்பட்ட இடம். எண்ணெய் காற்றைத் தடுக்கிறது; பூண்டுக்கு இயல்பிலேயே புளிப்பு கிடையாது. 1985ல் கனடாவின் வான்கூவரிலும் 1989ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் எண்ணெயில் போட்டு வைத்த பூண்டால் ஆட்கள் போட்டுலிசம் கண்டு விழுந்தார்கள். அதன் பிறகு அமெரிக்காவில் கடைக்கு வரும் எண்ணெய்ப் பூண்டில் அமிலம் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நம் பாட்டிமார் இதை எந்த உத்தரவும் இல்லாமல் புளியும் எலுமிச்சையும் ஊற்றிச் செய்துவந்தார்கள். ஆனால் 'புளிப்பு கம்மியா போடுங்க', 'உப்பைக் குறைங்க' என்று வாடிக்கையாளர் கேட்கும்போது, ருசிக்காகத்தானே என்று நாம் குறைத்துவிடுகிறோம். குறைவது ருசி மட்டுமல்ல.

இதற்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. புளிப்பை அளக்கும் பிஹெச் எண் 4.6க்கு மேல் போகக் கூடாது. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சைச் சாறு 2க்கு மேல் கொஞ்சம்தான் இருக்கும். பூண்டு 5க்கும் 6க்கும் அக்கம்பக்கம். இரண்டும் கலந்த ஊறுகாய் 4 அல்லது அதற்குக் கீழே நின்றால்தான் நிம்மதி. அப்போதுதான் ஒரு ஈட்டுக்கும் அடுத்த ஈட்டுக்கும் இருக்கும் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். கைப்பிடி உப்புக் கணக்கு இங்கே உதவாது என்பதும் இதனால்தான். நம் ஈட்டில் உப்பு ஏறத்தாழ ஆறரை சதவீதம். உப்பே முக்கியக் காப்பாக இருக்கும் உப்புநீர் ஊறுகாய்க்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரம் குறைந்தது 12 சதவீதம் கேட்கிறது. அந்த உப்பில் பாதிதான் நம்மிடம் இருக்கிறது என்றால் மீதிப் பொறுப்பு முழுக்கப் புளிப்பின் தலையில்.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நிறம் மாறும் பிஹெச் தாளை ஊறுகாயில் தோய்த்தால் மிளகாய் நிறமும் எண்ணெயும் ஏறி எதுவும் தெரியாது. பேனா மாதிரி இருக்கும் டிஜிட்டல் பிஹெச் மீட்டர் வாங்கி, 4 மற்றும் 7 என்று விற்கும் கரைசல்களில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஊறுகாய் போட்ட அன்றே அளந்தால் குழம்பின் புளிப்பு மட்டும்தான் தெரியும். பூண்டுப் பல்லின் நடுவுக்குப் புளிப்பு இறங்கச் சில நாட்கள் ஆகும். ஒரு வாரம் ஊறிய பிறகு எண்ணெயை வடித்துவிட்டு, பூண்டைக் குழம்போடு சேர்த்து மிக்ஸியில் கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர் விட்டு விழுதாக்கி அளப்பது சரியான முறை. ஊறாத பூண்டைப் பாட்டிலில் அடைத்து அன்றே அனுப்புவதும் கூடாது. புதிதாக ஒரு ஊறுகாயை விற்க ஆரம்பிக்கும்போது, அங்கீகாரம் பெற்ற உணவுப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு முறையாவது கொடுத்துப் பார்த்துவிட்டால் நம் மீட்டர் சொல்வது சரியா என்றும் தெரிந்துவிடும்.

புளிப்பு இப்படி உறுதியான பிறகுதான் தேதிக்கு வர வேண்டும். தேதி என்பது தரத்தின் கணக்கு. ஒரே ஈட்டில் எட்டு பாட்டிலை விற்காமல் எடுத்து வையுங்கள். பிரிட்ஜில் அல்ல, வாங்குகிறவர் வைப்பது போலவே அடுப்படி அலமாரியில். ஒன்றை முதல் நாளே திறந்து வீட்டில் தினமும் பயன்படுத்துங்கள். மற்றதில் மாதம் ஒன்று திறந்து வாசனை, நிறம், பூண்டின் பதம், எண்ணெயின் மட்டம் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். ஆறாம் மாதம் எண்ணெயில் லேசாகக் காறல் தெரிந்தால் லேபிளில் நான்கு மாதம் என்று போடலாம். திறந்த பாட்டில் இரண்டாம் மாதம் வாடை மாறினால் 'திறந்த பிறகு ஒரு மாதம்' என்று தனியாக எழுத வேண்டும். இந்த இரண்டாவது எண்ணைப் பலர் எழுதுவதே இல்லை. புகார்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. அப்புறம் இன்னொன்று: மாவடு மாதிரி ஜாடியில் மாதக்கணக்கில் ஊறி, ஆர்டர் வரும்போது பாட்டிலுக்கு மாறுபவற்றுக்குப் பாட்டிலில் அடைத்த தேதியிலிருந்து ஆயுளை எண்ணக் கூடாது. போட்ட தேதி, அடைத்த தேதி இரண்டையும் எழுதி, காலாவதியை முதல் தேதியிலிருந்து கணக்கிடுவதே நியாயம்.

முறுக்கின் கணக்கு வேறு. நன்றாகப் பொரிந்த முறுக்கில் கிருமி வளரும் அளவுக்கு ஈரம் இல்லை. அது இரண்டு வழியில்தான் கெடும். காற்றின் ஈரத்தை இழுத்து நமுத்துப்போகும், அல்லது எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து காறிப்போகும். மழைக்காலத்தில் முதலாவது முந்தும், மே மாத வெயிலில் இரண்டாவது முந்தும். ஐப்பசி அடைமழையில் சோதித்த தேதியும் கோடையில் சோதித்த தேதியும் வேறுபட்டால் இரண்டில் சிறியதைப் போடுங்கள்.

ஒரே மாவு, ஒரே அச்சு, ஒரே அடுப்பு. இருந்தும் ஒரு ஈடு 30 நாள் வருகிறது, அடுத்தது 15 நாளில் சிக்கு வாடை அடிக்கிறது என்றால் எண்ணெயின் பழைய கதையைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே பல தடவை காய்ந்த எண்ணெயில் பொரித்த முறுக்கு அன்றைக்கு வித்தியாசம் தெரியாமல்தான் இருக்கும். ஆனால் முறுக்கு குடித்த எண்ணெய் பாதி கெட்டதாக உள்ளே போயிருக்கிறது. மீந்த எண்ணெயோடு புது எண்ணெயைக் கலப்பதும் புதியதைக் கெடுக்கும் வேலை. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அதை அளக்கும் கருவி வீட்டில் இருக்காது. எண்ணெய் கெட்டியாகிப் பிசுபிசுப்பது, நுரை அடங்காமல் நிற்பது, வழக்கத்துக்கு முன்பே புகைவது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். அதுவரை காத்திருக்காமல், விற்பனைச் சரக்குக்குப் புது எண்ணெய் என்று வைத்துக்கொள்கிறவர்களின் தேதிதான் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒன்றாக நிற்கிறது.

சூடு ஆறுவதற்குள் கவரில் போட்டு மூடினால் உள்ளே ஆவி நீராகும். மிக்சரில் ஈரம் போகப் பொரியாத கறிவேப்பிலையும் இதே வேலையைச் செய்யும். மெல்லிய பாலித்தீன் கவர் பார்க்க மூடியது போலிருந்தாலும் காற்றை விடும். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டிய கவர் வெளிச்சத்தையும் காற்றையும் நன்றாகத் தடுக்கும். கவரை மாற்றினால் ஆயுள் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

பாதுகாப்புக் குறிப்பில் 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். மே மாதம் மதுரையில் குளிர்ந்த இடத்துக்கு எங்கே போவது? வாங்குகிறவர் கையால் செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். ஊறுகாய்க்கு: 'ஈரமில்லாத கரண்டி போடவும். எடுத்த பிறகு பூண்டை எண்ணெய்க்குள் அமுக்கி விடவும். திறந்தபின் பிரிட்ஜில் வைக்கவும்.' முறுக்குக்கு: 'பிரித்ததும் மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றவும். அடுப்புக்கு அருகே வைக்க வேண்டாம்.' இதோடு, கெடாமலே கெட்டது போலத் தோன்றுவதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். புளிப்பில் ஊறும் பூண்டு சில சமயம் பச்சையாகவோ நீலமாகவோ மாறும். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் செய்யும் வேலை அது, தீங்கில்லை. உப்பு நார்த்தங்காய் மேல் வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் உப்பு, தண்ணீரில் கரைந்துவிடும். பஞ்சு போல நூலிழை தெரிந்தால் அது பூசணம், மேலாக வழித்து எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடாமல் பாட்டிலோடு கொட்ட வேண்டும். மூடி உப்பியிருந்தாலோ திறக்கும்போது வாயு சீறினாலோ ருசி பார்க்கவே கூடாது. இந்தக் கடைசி வரியை லேபிளில் போட்டால் வாடிக்கையாளர் பயந்துவிடுவார் என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கெடும் விதத்தை அறிந்தவர் செய்தது என்றுதான் படிப்பவருக்குப் படும்.

'பிரிசர்வேட்டிவ் இல்லை' என்ற வரியில் மட்டும் கவனம் தேவை. நாம் சோடியம் பென்சோயேட்டைக் கையால் போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவசரத்துக்கு வாங்கிய பாட்டில் எலுமிச்சைச் சாற்றிலும் ரெடிமேட் புளிப் பேஸ்டிலும் அது இருக்கக்கூடும். அவற்றின் லேபிளில் ஐ.என்.எஸ். 211 என்ற எண்ணாக ஒளிந்திருக்கும். அப்படி இருந்தால் நம் வரி பொய்யாகிவிடும். புளியை நாமே கரைத்து, பழத்தை நாமே பிழிந்தால்தான் அதை எழுதலாம்.

இவ்வளவும் சேர்ந்தால் நம் பூண்டு ஊறுகாய் லேபிள் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

பூண்டு ஊறுகாய். நிகர எடை 250 கிராம்.
பொருட்கள்: பூண்டு, நல்லெண்ணெய் (எள்), எலுமிச்சைச் சாறு, புளி, உப்பு, மிளகாய்த்தூள், வெல்லம், கடுகு, வெந்தயம், கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு, வேலம் பிசின், பெருங்காயம்), மஞ்சள்தூள்.
கோதுமை, எள், கடுகு உள்ளது. வேர்க்கடலையும் பாலும் பயன்படுத்தும் சமையலறையில் தயாரித்தது.
ஈடு எண், தயாரித்த தேதி, அடைத்த தேதி, காலாவதி தேதி.
திறந்தபின் பிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் பயன்படுத்தவும். ஈரமில்லாத கரண்டி போடவும். பூண்டு பச்சை நிறமாகலாம், அது கெட்டதன் அடையாளம் அல்ல. மூடி உப்பியிருந்தால் பயன்படுத்த வேண்டாம்.

இதோடு சைவத்துக்கான பச்சைப் புள்ளிச் சின்னம், விலை, தயாரிப்பவர் பெயரும் முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சின்னமும் 14 இலக்கப் பதிவெண்ணும் சேர வேண்டும். வீட்டில் செய்பவருக்கும் பதிவு கட்டாயம். சிறு அளவில் செய்பவர்களுக்கு உரிமத்துக்குப் பதில் எளிய பதிவு முறை உண்டு. அந்த எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டு உண்மையா என்று யாரும் பார்க்கலாம். அது தொழில் பதிவாகியிருக்கிறது என்று சொல்லுமே தவிர, இந்த ஈட்டின் பிஹெச் என்ன என்று சொல்லாது. தமிழில் மட்டும் லேபிள் அச்சடித்தால் போதாது என்பதும் பலருக்குத் தெரியாது. விதிப்படி விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. ஊறுகாய் வாங்கும் பெரியவர்கள் பலருக்குப் படிக்க வருவது தமிழ்தான். ஆகவே இடமில்லை என்று தமிழை விட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரில் அழகுக்குப் போட்ட தாமரைப் படத்தைச் சிறிதாக்குங்கள்.

ஈடு எண் என்பது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். நோட்டில் 'பூண்டு 14' என்று ஒரு வரி, அதன் எதிரே எந்தக் கடைப் பூண்டு, எந்த டின் எண்ணெய், எந்த டப்பா பெருங்காயம், பிஹெச் எவ்வளவு, எத்தனை பாட்டில், யார் யாருக்குப் போனது என்று எழுதுவதுதான் அது. கடைக்காரர் பிராண்டை மாற்றிக் கொடுத்த பெருங்காயத்தில் கோதுமை இருக்கிறது என்று பத்து நாள் கழித்துத் தெரிந்தால், எந்தப் பாட்டில்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்று இந்த வரி சொல்லிவிடும். ஒவ்வொரு ஈட்டிலும் ஒரு பாட்டிலைக் காலாவதி முடியும் வரை வீட்டில் வைத்திருந்தால், 'உங்க ஊறுகாய் கெட்டுப்போச்சு' என்று ஒருவர் சொல்லும்போது அதே ஈட்டைத் திறந்து பார்க்கவும் முடியும். நம்முடையது நன்றாக இருந்தால் அவரிடம் ஈரக் கரண்டியைப் பற்றிப் பேசலாம். நம்முடையதும் கெட்டிருந்தால் அந்த ஈடு முழுவதையும் திரும்பப் பெற வேண்டியதுதான்.

கடைசியாக ஸ்டிக்கர். சாதாரணக் காகித ஸ்டிக்கரில் எண்ணெய் பட்டால் எழுத்து கரைந்து முதலில் அழிவது பேனாவால் எழுதிய தேதிதான். கூரியர் பில் போல வெப்பத்தில் அச்சாகும் தாள் அடுப்படிச் சூட்டில் மங்கிவிடும். எண்ணெய் ஊறாத பிளாஸ்டிக் ஸ்டிக்கரில் அச்சடித்து, தேதியையும் ஈடு எண்ணையும் அழியாத மார்க்கரால் பாட்டில் உடம்பிலேயே எழுதுங்கள். மூடியில் எழுத வேண்டாம். வீடுகளில் மூடிகள் ஒன்றுக்கொன்று மாறிவிடும்.